மீட்பு வீடியோவின் விவரப்பகுதியை மாற்றி எழுதினேன்

கால் முறிந்த நாய்க்குட்டியை மீட்ட வீடியோவுக்குத் தலைப்பில் "சிப்பிப்பாறை" என்ற வேட்டை நாய் இனத்தின் பெயர் இருந்தது. வந்த அழைப்பெல்லாம் வேட்டைக்கும் குட்டி போட வைக்கவும் கேட்டவர்கள்தான். ஒல்லி உடம்பை மட்டும் வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தலைப்பை "கால் முறிந்த நாட்டு நாய்க்குட்டி, பெண், தத்துக்கு" என்று மாற்றினேன். "சிப்பிப்பாறை கலப்பாக இருக்கலாம்" என்பது விவரத்தின் உள்ளே போனது.

யூடியூப் விவரத்தில் முதல் சில வரிகள்தான் விரிக்காமலே தெரியும். எச்சரிக்கையை அங்கே வைத்தேன்:

"மனிதர்களுக்கான வலி மாத்திரை கொடுக்காதீர்கள், ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே பறிக்கும். எலும்பை நீங்களே நேராக்க வேண்டாம். பலகையில் படுக்க வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்."

பூனை வரி வேண்டுமென்றே சேர்த்தது. இந்த வீடியோவைப் பார்ப்பவர் வீட்டில் பூனையும் இருக்கும்.

அடுத்த வரியில் ஊர், தத்துக்கென்றே தொடங்கிய மின்னஞ்சல், "கருத்தடைக்குச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும்" என்ற நிபந்தனை. சொந்த கைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். வீடியோ வருடக்கணக்கில் சுற்றும், எண்ணும் கூடவே சுற்றும். குட்டி வீடு போய்ச் சேர்ந்த அன்றே தலைப்பின் முன்னால் "தத்தாகிவிட்டது" என்று சேர்த்தேன்.