முணுமுணுத்த மெட்டு ஸ்வரமாகும்போது ராகம் மாறிப்போவது ஏன்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஒரு மெட்டு தோன்றுகிறது. உடனே போனை எடுத்து "ம்ம்ம்" என்று முணுமுணுத்துப் பதிந்துவிடுகிறோம். அதுவரை சரிதான். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து ஸ்வரம் எழுதும்போதுதான் சிக்கல் தெரிகிறது. எழுதியது ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் அது நேற்று வந்த மெட்டாக இருக்காது.

பெரும்பாலும் காரணம் ஒன்றே: பதிவில் மெட்டு இருக்கிறது, ஸட்ஜம் இல்லை. பாடியவர் மனதில் இருந்த 'ஸ' போனுக்குள் போகவே இல்லை. எழுத உட்காருகிறவர் காதில் முதலில் விழும் ஸ்வரத்தையோ கடைசியில் நீண்டு நிற்கும் ஸ்வரத்தையோ 'ஸ' என்று எடுத்துக்கொள்கிறார். மோகனத்தில், ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரமாக வந்த ஒரு வரியைப் பாருங்கள். கையெழுத்தில் மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி வைப்போம். இங்கே தட்டச்சு வசதிக்காக மேல் ஸ்தாயிக்கு ஒற்றை மேற்கோள் குறியும், கீழ் ஸ்தாயிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும். காற்புள்ளி என்றால் முந்தைய ஸ்வரம் ஒரு அலகு நீள்கிறது.

```
ப , த ஸ' ரி' , ஸ' த | ப , க ப | த , , , ||
```

முதல் ஸ்வரமான பஞ்சமத்தை 'ஸ' என்று நினைத்து எழுதினால் இதே ஒலி இப்படி ஆகிவிடும்:

```
ஸ , ரி ம ப , ம ரி | ஸ , த. ஸ | ரி , , , ||
```

இது சுத்த சாவேரி. கடைசியில் நிற்கும் தைவதத்தை 'ஸ' என்று எடுத்தால் "நி. , ஸ க ம , க ஸ" என்று ஆரம்பித்து சுத்த தன்யாசியாகிவிடும். மூன்றிலும் ஒலி ஒன்றுதான், ஒரு ஸ்வரம்கூடத் தப்பில்லை. அதனால்தான் எழுதுகிறவருக்குச் சந்தேகமே வருவதில்லை. மோகனம் மாதிரி ஐந்து ஸ்வர ராகங்களில் இந்தக் கிரகபேத ஏமாற்று மிகச் சுலபமாக நடக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி, கட்டையைப் பார்ப்பது. பாடியவர் வழக்கமாக இரண்டு கட்டையில் பாடும் ஆண் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பஞ்சமம் ஆறு கட்டையில் இருக்கும். ட்யூனர் ஆப்பில் பதிவை ஓடவிட்டு, நீங்கள் 'ஸ' என்று குறித்த ஸ்வரம் A, அதாவது ஆறு கட்டை, என்று காட்டினால் உடனே உஷாராகுங்கள். ஆறு கட்டை பெண் குரலுக்குச் சகஜம், இவருக்கு இல்லை. அப்போதும் தீரவில்லை என்றால், சந்தேகப்படும் ஒவ்வொரு ஸ்வரத்திலும் சுருதிப்பெட்டியை வைத்து அதன் மேல் பதிவை ஓடவிட்டுக் கேட்பதே வழி.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் செய்வது இன்னொரு தவறு: முதலில் சுருதிப்பெட்டி ஆப்பைத் தேடி, கட்டை வைத்து, சேர்ந்து பாடிப் பார்த்து, பிறகு பதிவது. அதற்குள் மெட்டு ஓடிவிடும். மிச்சம் இருப்பதும் சுருதிக்கு வளைந்துகொடுத்து, கைக்குப் பழகிய ஏதோ ஒரு சஞ்சாரமாகிவிடும். முதலில் மெட்டை வந்தபடியே பதியுங்கள். முடிந்ததும் நிறுத்தாமல் அதே பதிவில் 'ஸா பா ஸா' என்று நிறுத்திப் பாடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடி. 'ஸ' எது என்று அப்போது உங்களுக்கே தெரியாவிட்டால், மெட்டு வீடு திரும்புவதாகத் தோன்றும் ஸ்வரத்தை நீட்டினால் போதும்.

பஸ்ஸில் பதிபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. இன்ஜின் இரைச்சலுக்கே ஒரு சுருதி இருக்கிறது, நாம் அறியாமல் அதோடு சேர்ந்துகொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கியர் மாற மாற அந்த இரைச்சல் ஏறி இறங்கும், நம் 'ஸ'வும் கூடவே நகரும். பதிவின் தொடக்கத்தில் D காட்டிய 'ஸ' முடிவில் C# காட்டினால் அரைக் கட்டை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அன்னிய ஸ்வரம் என்று எழுதிவிடாதீர்கள். வரியை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் 'ஸ'வை வைத்து எழுத வேண்டும். (அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் தெருவில் பதிந்தால் சுருதிக்குப் பதில் காலப்பிரமாணம் மாட்டிக்கொள்ளும். மெட்டு தறியின் வேகத்துக்கே போகும்.)

அடுத்தது வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பது. "ம்ம்ம்" என்பதில் ஒரு ஸ்வரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தடயமே இல்லை. 'ப ப' என்று இரண்டு தட்டு இருந்தாலும் பதிவில் 'ப ,' என்றுதான் கேட்கும். சில போன்களில் இரைச்சலை நீக்கும் வசதி, மாறாமல் நீளும் முணுமுணுப்பையும் இரைச்சல் என்று எண்ணி மங்கவைத்துவிடும். தத்தகாரத்தில் பாடுங்கள்: "தானன தன்னா". ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஒரு ஸ்வரம் பிறக்கும் இடத்தைக் காட்டும், பிறகு பாட்டு எழுத வருபவருக்கும் சந்தம் கையில் கிடைத்துவிடும். கமகத்துக்கும் இதுவே அளவுகோல். பதிவைப் பாதி வேகத்தில் கேட்டால் தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் வழுக்கலில் நிஷாதம் இருப்பதுபோல் தோன்றும். அங்கே மெய்யெழுத்து விழவில்லை என்றால் அது ஸ்வரமில்லை, ஜாரு. 'த' வுக்கும் 'ஸ'வுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போட்டால் போதும்.

கடைசியாக எடுப்பு. மேலே உள்ள வரி உண்மையில் அரை இடத்தில் எடுப்பதாக இருந்தால் சரியான எழுத்து இது:

```
, ப , த ஸ' ரி' , ஸ' | த ப , க | ப த , , ||
```

கடைசி தைவதத்தின் நான்காவது அலகு அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் காற்புள்ளியில் போய் முடிகிறது. ஸ்வர வரிசை அதேதான், தட்டில் விழுவது மட்டும் மாறிவிட்டது. சமத்தில் எடுத்தால் 'ப, த, ரி, ஸ' நான்கும் லகுவின் தட்டிலும் எண்ணிக்கையிலும் விழும். அரை இடத்தில் எடுத்தால் அந்த நான்கும் தட்டுக்கு நடுவே போய்விடும், முன்பு நடுவே இருந்த முதல் ஸ' மட்டும் எண்ணிக்கையில் விழும். மிருதங்கக்காரர் கையில் தாளைக் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு பாட்டு. தாளம் கேட்காத பதிவிலிருந்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் எழுதுபவர் முதல் ஸ்வரத்தைச் சமத்தில்தான் வைப்பார்.

அதனால் 'ஸா பா ஸா' முடிந்ததும் மெட்டை இரண்டாவது முறை தாளத்தோடு பதியுங்கள். போனை மடியில் துண்டு விரித்து வைத்துவிட்டு, தொடையில் சத்தமாகத் தட்டி ஒரு முழு ஆவர்த்தனம் வெறுமனே போட்டு, அதன் பிறகு பாட்டை எடுங்கள். போன் இருக்கும் மேசையில் தட்டினால் அந்த அதிர்வு மைக்கில் இடிபோல் இறங்கி ஸ்வரத்தை மூடிவிடும். வீச்சுக்குச் சத்தம் வராது, அதனால் துருதத்தின் வீச்சையும் தட்டாகவே போட்டுவிடுங்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. மலையில் காற்று அடிக்கும் இடமென்றால், சார்ஜர் சொருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கின் மேல் ஒற்றை மடிப்புக் கைக்குட்டையைப் போர்த்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.