ஃபியூவா, எ ஃபியூவா? ‘தான்’ போட்டுப் பாருங்கள்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் ஓர் அடைமழை நாளில், “மழையிலும் கொஞ்சப் பேர் மலைக்கு வந்திருக்கிறார்கள்” என்று துரைக்குச் சொல்ல நினைத்து, “ஃபியூ வொர்க்கர்ஸ் ஹேவ் கம்” என்று மெசேஜ் அனுப்பினேன். ஆளே இல்லை என்று எடுத்துக்கொண்ட அவர், கொழுந்து லொறியை வேறு டிவிஷனுக்குத் திருப்பிவிட்டார். பதினெட்டுப் பெண்கள் பறித்த கொழுந்து மாலை வரை மடுவத்தில் கிடந்தது. சாக்குக்குள் கையை விட்டால் சூடு; அடியில் இருந்த இலை சிவந்துவிட்டது. விட்டுப்போனது ‘எ’ என்ற ஒரே ஓர் எழுத்து.

முதலில், எண்ண முடிகிற பொருளா என்று பாருங்கள். ஆள், நாள், சாக்கு என்றால் ஃபியூ. பால், மழை, நேரம் என்றால் லிட்டில். காசில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரூபாயை எண்ணலாம், அதனால் எ ஃபியூ ருபீஸ். மனி என்ற சொல் எண்ணிக்கையில் வராது, அதனால் எ லிட்டில் மனி. சந்தேகம் வந்தால் ஒக்ஸ்ஃபோர்டின் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் எந்த வகை என்று போட்டிருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியை இதற்கு நம்ப வேண்டாம். ‘சில’, ‘கொஞ்சம்’ என்று மட்டும் போட்டால் ‘எ’ வேண்டுமா என்பது தெரியாது.

அடுத்ததுதான் என்னை வீழ்த்திய இடம். எழுதும் முன் வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். “கொஞ்சம் பால் இருக்கு, தேத்தண்ணி ஊத்தலாம்” என்றால் இருப்பதைச் சொல்கிறீர்கள்: எ லிட்டில் மில்க். “பால் கொஞ்சம்தான் இருக்கு, பிள்ளைக்கே காணாது” என்றால் இல்லாததைச் சொல்கிறீர்கள்: வெறும் லிட்டில் மில்க். அதாவது, ‘தான்’ வந்து உட்கார்ந்தால் ‘எ’ எழுந்து போகும். அந்த இடத்தில் ‘சம்’ போட்டும் சரிபார்க்கலாம். நான் சொல்ல வந்தது “சம் வொர்க்கர்ஸ்”, அப்படியென்றால் “எ ஃபியூ வொர்க்கர்ஸ்” என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

பேச்சில் வெறும் ஃபியூ, வெறும் லிட்டில் இரண்டையும் நான் இப்போது தொடுவதேயில்லை. “நொட் மெனி வொர்க்கர்ஸ்”, “நொட் மச் மில்க்” என்றால் கேட்பவருக்குக் குழப்பமே வராது. ஆங்கிலம் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிற்சேர்க்கை: “கொஞ்சப் பேர்தான் வந்தார்கள் என்பதற்கு ஒன்லி ஃபியூ என்று எழுதினேன், டீச்சர் வெட்டிவிட்டார்” என்று பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். டீச்சர் வெட்டியது சரி. ‘ஒன்லி’ வந்துவிட்டால் ‘தான்’ செய்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் பின்னால் ‘எ’ கட்டாயம் வேண்டும். ஒன்லி எ ஃபியூ, ஒன்லி எ லிட்டில். மேலே சொன்ன ‘தான்’ சோதனை ‘ஒன்லி’ இல்லாத வாக்கியத்துக்கு மட்டும்.