வெயிலில் வெளியே போகும்போது பாலூட்டும் உடையில் நடக்கும் தவறுகள்

பாலூட்டுவதற்கென்றே தைத்த டாப் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மார்பின் இரு பக்கமும் தையலோடு தையலாக மறைந்திருக்கும் ஜிப். கடைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. மூன்று மாதக் குழந்தையோடு பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு மதியம்தான் விஷயம் புரிந்தது. உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தால், காம்பு இருக்கும் இடத்திலேயே ஜிப் முடிந்துவிட்டது. மார்பை மேலே இழுத்து அந்தப் பிளவு வழியாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஜிப்பின் கீழ் முனை அடிப்பக்கத்தில் அழுந்தியது. குழந்தைக்குக் காம்பின் நுனி மட்டும்தான் வாய்க்குக் கிடைத்தது. எனக்கு வலி, அதற்கு அழுகை.

முதல் தவறு அதுதான்: நின்றபடி போட்டுப் பார்த்து வாங்குவது. வெளியே பெரும்பாலும் உட்கார்ந்துதான் பாலூட்டுகிறோம். உட்காரும்போது துணி மடிந்து மேலேறும், மார்பு சற்றுத் தாழும். இரண்டும் சேர்ந்தால் திறப்பின் இடமே மாறிவிடும். அதனால் வழக்கமாகப் போடும் பாலூட்டும் பிராவோடு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். காம்புக்குக் கீழே குறைந்தது மூன்று விரல் அகலமாவது ஜிப் இறங்க வேண்டும். பிராவின் மடலை அவிழ்த்தால் அது கீழ்நோக்கித்தான் விழும், அதற்கும் இடம் வேண்டுமே. தைக்கக் கொடுப்பவர்கள் உட்கார்ந்த நிலையில் காம்பின் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 4 அங்குலம், கீழே 3 அங்குலம் என்று தொடங்கலாம். பெரிய மார்பென்றால் இன்னும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். உலோக ஜிப் வேண்டாம், வெயிலில் சுடும். நைலான் ஜிப் போதும். அதன் உட்பக்கம் ஒரு துணிப் பட்டி வைத்துத் தைத்தால் பற்கள் குழந்தையின் கன்னத்தில் உரசாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கையில் தலையணையைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். முன்பக்கம் வரிசையாக நூல் வளையத்தில் மாட்டும் பொத்தான்கள் பார்க்க அழகுதான், ஆனால் அழும் குழந்தையோடு ஒற்றைக் கையால் அவற்றைப் போட்டு முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அழுத்தினால் மூடிக்கொள்ளும் பொத்தான் எவ்வளவோ மேல்.

அடுத்தது, மறைப்புக்காக அடுக்கு மேல் அடுக்காகப் போடுவது. மேலே தூக்கும் ஒரு மடிப்பு, உள்ளே பக்கவாட்டில் திறக்கும் இன்னொன்று என்று இரட்டை அடுக்கில் தைத்த டாப்கள் குளிர்காலத்துக்குச் சரி. வெயிலில் நம் உடலும் வேகும், நம்மேல் ஒட்டிக் கிடக்கும் குழந்தையும் வேகும். உள் அடுக்கை மார்புக்குக் கீழே இரண்டு விரல் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள், இடுப்பு வரை அது தேவையே இல்லை. குழந்தையின் தலையையும் சேர்த்து மூடும் கனமான போர்வைத் துணியையும் தவிர்க்கலாம். உள்ளே காற்று நின்று, குழந்தை வியர்த்துப் போய் காம்பை விட்டு விட்டுப் பிடிக்கும். மறைப்பு வேண்டுமென்றால், தளர்வான டாப்பின் ஓரத்தை மார்பின் மேல் பகுதியில் விழவிட்டு, முகத்தைத் திறந்தே விடுங்கள்.

அப்புறம் துணி. வெளித்துணி பருத்தி என்று பார்த்து வாங்கிவிட்டு, உள்ளே இருக்கும் லைனிங்கை விட்டுவிடுகிறோம். என் டாப்பில் நடந்ததும் அதுதான். வெளியே பருத்தி, உள்ளே பாலியஸ்டர். தோலில் படுவது லைனிங் அல்லவா? ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகு உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இழுத்துக்கொண்டால் நல்லது, முத்தாக உருண்டு நின்றால் வியர்வையும் அப்படித்தான் நிற்கும். புதுத்துணியில் கஞ்சி மாதிரி ஏதாவது பூச்சு இருக்கும், அதனால்தான் துவைத்த பிறகு என்கிறேன். ரேயான் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொள்ளும். பால் அதிகம் கசிபவர்களுக்கு அது தோதுப்படாது. லினன் சீக்கிரம் காயும், கசங்குவதைப் பொறுத்துக்கொண்டால் சரி.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் இருக்கும் சாம்பல், வெளிர் நீலம் எல்லாம் கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும். பூப்போட்டது காட்டாது.

டாப்பின் கையை யாரும் கவனிப்பதில்லை. குழந்தையின் தலை நம் முழங்கை மடிப்பில்தான் கிடக்கிறது. கையில்லாத டாப் போட்டால் தோலும் தோலும் ஒட்டி இருவருக்கும் வியர்த்துக் கொட்டும். முழங்கை வரை வரும் தளர்வான பருத்திக் கை இருந்தால், நடுவில் அந்தத் துணி வியர்வையை வாங்கிக்கொள்ளும். கையில்லாத டாப்தான் இருக்கிறதென்றால், ஒரு மெல்லிய பருத்தித் துண்டை நான்காக மடித்து முழங்கைக்கும் தலைக்கும் நடுவே வைத்துக்கொள்கிறேன். நனைந்ததும் திருப்பிப் போட்டால் இன்னொரு பக்கம் காய்ந்திருக்கும்.