ஃபார்வர்டுக்கு முன் ஒரு வரி

குடியிருப்புக் குழுவில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி நடந்த நீண்ட உரையாடலை வாட்ஸ்அப்பில் வீட்டாருக்கு ஃபார்வர்டு செய்கிறீர்கள் என்றால், முதலில் இப்படி ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்: "ஞாயிறு காலை 8 முதல் 12 வரை தண்ணீர் வராது, சனி இரவே பிடித்து வையுங்கள். கீழே இருப்பது விவரத்துக்கு மட்டும்."

பிறகு ஃபார்வர்டு செய்யுங்கள். வரிசையை மாற்றினால் உங்கள் வரி அத்தனைக்கும் அடியில் போய்விடும். "முக்கியம், படிக்கவும்" என்று மட்டும் எழுதுவதில் பயனே இல்லை. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தேவை.

எழுதுமுன் கடைசிச் செய்திவரை படித்துவிடுங்கள். தொடக்கத்தில் சனிக்கிழமை என்றிருந்தது நடுவில் ஞாயிறாக மாறியிருக்கலாம். முடிவு எட்டப்படவில்லை என்றால், "இன்னும் முடிவாகவில்லை" என்றே எழுதுங்கள்.