பின்னாக்கம் எது, சொற்குறுக்கம் எது: ஆங்கிலச் சொல்லாக்கத்தைப் படிப்படியாக இனங்காணுதல்

ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பின் மொழியியல் தாளில் ‘இச்சொல் எவ்வாறு உருவானது?’ என்ற வினா ஏறக்குறைய எப்போதும் இடம்பெறும். பிளெண்டிங், கிளிப்பிங், பேக்-ஃபார்மேஷன், கன்வர்ஷன் என்னும் நான்கின் வரையறைகளையும் மனப்பாடம் செய்திருந்தும், ஒரு சொல்லைக் கையில் கொடுத்தபோது நான் தவறாக விடையளித்தேன். வரையறை தெரிந்தால் மட்டும் போதாது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்ற வரிசையும் தெரிய வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த வரிசையையே இங்கே தருகிறேன். நான்கு முறைகளையும் முறையே சொற்கலப்பு, சொற்குறுக்கம், பின்னாக்கம், வகைமாற்றம் என்று அழைக்கிறேன்.

முதற்படி: வடிவம் மாறியிருக்கிறதா?

ஆராயும் சொல்லையும் அதன் மூலச்சொல்லையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தளவும் மாறாமல் பெயர்ச்சொல் வினையாகவோ, வினை பெயராகவோ வழங்கினால் அது வகைமாற்றம். ‘பாட்டில்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் அப்படியே வினையாகவும் நின்று, ‘பாட்டிலில் அடை’ என்று பொருள் தரும். இறந்தகாலத்தில் அது ‘பாட்டில்ட்’ என்று வினைக்குரிய ஈற்றை ஏற்கிறது. இதுவே அது உண்மையில் வினையாகிவிட்டது என்பதற்கான சான்று. தமிழில் நாம் பெயரை இப்படி நேராக வினையாக்குவதில்லை. ‘ஃபோன் பண்ணு’, ‘பதிவு செய்’ என்று ஒரு துணைவினை தேவைப்படுகிறது. ஆனால் ‘அடி விழுந்தது’ என்னும்போது ‘அடி’ என்ற வினைப்பகுதி விகுதி ஏற்காமலேயே பெயராக நிற்கிறது. நாம் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் இந்தப் பாதை இரு திசையிலும் திறந்திருக்கிறது என்று கொண்டால் வகைமாற்றம் எளிதில் பிடிபடும்.

இரண்டாம் படி: சுருங்கியது ஒரு சொல்லா, இரண்டா?

வடிவம் சுருங்கியிருந்தால், அதற்குள் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பிரேக்ஃபாஸ்ட் என்பதன் தலையும் லன்ச் என்பதன் வாலும் சேர்ந்து பிரன்ச் ஆயிற்று. 1895-இல் இங்கிலாந்தில் கை பெரிங்கர் எழுதிய ஒரு கட்டுரை இச்சொல்லின் மிகப் பழைய அச்சுப்பதிவுகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையில், இரண்டுக்கும் பதிலாக உண்ணும் ஒரே உணவை அது குறிக்கிறது. வடிவம் கலந்தது போலவே பொருளும் கலந்திருக்கிறது. இது சொற்கலப்பு. ஆனால் இரு சொற்களும் சிதையாமல் முழுதாக ஒட்டி நின்றால் அது கலப்பாகாது, தொகைச்சொல்லே ஆகும். லேப்டாப் என்பதைப் பலர் கலப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ‘லேப்’, ‘டாப்’ இரண்டும் அதில் முழுமையாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: ஒரே சொல்தான் சுருங்கியது என்றால், சொல்வகை மாறியதா?

எக்ஸாமினேஷன் என்பது எக்ஸாம் ஆனபோது பெயர் பெயராகவே இருந்தது, பொருளும் மாறவில்லை. மாறியது தொனி மட்டுமே. வகுப்பறைப் பேச்சில் எக்ஸாம் என்பார்கள், சான்றிதழில் முழுச்சொல்லையே அச்சிடுவார்கள். இது சொற்குறுக்கம். கோயம்புத்தூர் கோவையாவதை நாம் மரூஉ என்போமே, ஏறத்தாழ அதே உறவு.

சொல் சுருங்கியதோடு சொல்வகையும் மாறியிருந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். நான் இடறியது அங்கேதான்.

நான்காம் படி: எது முதலில் பிறந்தது?

‘பேபிசிட்டர்’ என்பவர் பெற்றோர் வெளியே சென்றிருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். ‘பேபிசிட்’ என்பது அவர் செய்யும் வேலையைக் குறிக்கும் வினை. இந்த இரண்டையும் கண்டவுடன், பேபிசிட் என்ற வினையோடு ‘அர்’ விகுதி சேர்ந்து பேபிசிட்டர் உண்டாயிற்று என்று எழுதினேன். டீச் என்பதிலிருந்து டீச்சர் வந்தது போலத்தானே என்பது என் எண்ணம். பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் படித்து வளர்ந்த நமக்குப் பகுதியே முதலில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. டீச்சர் விஷயத்தில் அது சரி. பேபிசிட்டர் விஷயத்தில் தவறு.

முதலில் ‘சிட்’ என்ற வினையிலிருந்து ‘சிட்டர்’ வந்தது. பின்பு ‘பேபி’ அதன் முன்னே சேர்ந்து பேபிசிட்டர் என்னும் தொகைப்பெயர் உருவாயிற்று. 1930களில் அந்தப் பெயர் வழக்கில் இருந்தது. பேபிசிட் என்ற வினை 1940களில்தான் பரவலாகப் பதிவாகிறது. அதாவது ஆங்கிலம் பேசியவர்கள் பெயரின் ஈற்றிலிருந்த ‘அர்’ என்பதைக் கழற்றிவிட்டு வினையை உண்டாக்கினார்கள். இதுவே பின்னாக்கம்.

அகராதி கையில் இல்லாத தேர்வறையில் பொருளைக் கொண்டு சோதிக்கலாம். டீச்சர் யார் என்று கேட்டால் ‘டீச் செய்பவர்’ என்று சொல்லிவிடலாம். டீச் என்பதன் பொருளை விளக்க டீச்சர் தேவையில்லை. பேபிசிட் என்றால் என்ன என்று கேட்டால், ‘குழந்தையை உட்கார்’ என்று பகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் பொருள் வராது. ‘பேபிசிட்டர் செய்யும் வேலையைச் செய்வது’ என்றுதான் சொல்ல முடிகிறது. குட்டைச்சொல்லை விளக்க நெட்டைச்சொல் தேவைப்பட்டால் பின்னாக்கம் என்று ஐயுறுங்கள். பிறகு ஆண்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆண்டு பார்க்க நான் பரிந்துரைப்பது etymonline.com என்ற தளம். கட்டணமில்லை, பதிவின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் ஆண்டு இருக்கும். ஆங்கிலம்–தமிழ்க் கையகராதிகள் வேறு வேலைகளுக்கு மிக நல்லவை. ஆனால் முதற்பதிவு ஆண்டு அவற்றில் இராது என்பதால் இதற்கு உதவா. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த ஆண்டு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய பதிவின் ஆண்டே; பேச்சில் அச்சொல் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். ஆகவே இரு சொற்களுக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளே வேறுபாடு இருந்தால், ஆண்டை மட்டும் நம்பாமல் பொருட்சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

‘பாடநூலில் எடிட் என்பதுதானே பின்னாக்கத்துக்கு எடுத்துக்காட்டு, அதை ஏன் விட்டீர்கள்?’ என்று கருத்துரையில் ஒருவர் கேட்டிருந்தார். எடிட்டர் 17ஆம் நூற்றாண்டிலும் எடிட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் பதிவாகியிருப்பதால் அவ்விடை தேர்வுக்குப் பொருந்தும். ஆயினும் எடிட் என்ற வினை பிரெஞ்சிலிருந்தோ இலத்தீனிலிருந்தோ நேராகவும் வந்திருக்கலாம் என்று அகராதிகளே குறிப்பிடுகின்றன. தொடக்கநிலையினருக்கு ஐயமற்ற எடுத்துக்காட்டே வேண்டும் என்பதால் பேபிசிட்டைத் தேர்ந்தேன்.

இன்னொருவர் சிட்காம் எந்த வகை என்று கேட்டார். சிச்சுவேஷன், காமெடி என்னும் இரண்டிலிருந்தும் தலைப்பகுதியே எடுக்கப்பட்டிருக்கிறது. பிரன்ச் போலத் தலையும் வாலும் சேரவில்லை. இதைச் சிலர் கலப்பில் அடக்குவர். சிலர் குறுக்கப்பட்ட தொகைச்சொல் என்று தனியே பிரிப்பர். உங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாவது வகை இல்லையென்றால் கலப்பு என்றே எழுதுங்கள். இரு சொற்களும் எந்த இடத்தில் வெட்டப்பட்டன என்பதையும் ஒரு வரியில் காட்டிவிடுங்கள்.