தாமதமான ஆய்வுக்கு இடைக்கால அறிக்கை: நான் செய்த தவறையே நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு தங்கை, நிதி வழங்குநருக்கு அனுப்ப வேண்டிய அவருடைய இடைக்கால அறிக்கையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வசிக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட தமிழர்களின் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வு அது. மூன்றாவது பக்கத்தில் “மீதமுள்ள மாதங்களில் தாமதம் ஈடுசெய்யப்படும்” என்ற வரியைப் பார்த்ததும் எரிச்சலாகிவிட்டது. அவர்மேல் இல்லை, அந்த வரியின்மேல். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே எழுதினேன்.

எழுத்துப்பிழை, தேதிப்பிழை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

ஈடுசெய்வோம் என்று எழுதுவது

எங்களுடையதும் உணவுப் பழக்க ஆய்வுதான். திட்டப்படி 12 மாதத்தில் 180 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆறு மாதம் முடிந்தபோது 90 பேர் இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 48 பேர். நான் மீதி 132ஐ ஆறால் வகுத்து, “மாதம் 22 பேர் வீதம் சேர்ப்போம்” என்று எழுதிவிட்டேன். அதுவரை மாதத்துக்கு எட்டுப் பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள், 22 எங்கிருந்து வரும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஏன் எட்டு என்பதைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 62 பேர், ஆனால் இரண்டு நாள் உணவு விவரமும் கொடுத்து முடித்தவர்கள் 48 பேர்தான். நான் அறிக்கையில் 48ஐ மட்டும் போட்டு, அந்தப் 14 பேரை மறைத்துவிட்டேன். காரணமே அந்த இடைவெளியில்தான் இருந்தது.

நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் முறை எங்களுடையது. ஒரு வேலைநாள், ஒரு வார இறுதி நாள் என இரண்டு நாள் வேண்டும். எங்கள் கள ஊழியர் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை செய்தார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அவர் திங்கட்கிழமை மட்டுமே கேட்க முடியும், சனிக்கிழமைச் சாப்பாட்டைக் கேட்கவே முடியாது. ஒரு திங்களுக்கு இரண்டு மூன்று வீடுதான் முடியும், அதிலும் ஒரு ஆன்ட்டிக்கு பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட், ஒரு தாத்தா பேரனைக் கூட்டிவரப் போயிருப்பார். பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்த திங்களும் விடுமுறை. மொத்த ஆய்வும் வாரத்தில் ஒரே நாளின்மேல் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பகுதிநேர ஊழியர் ஒருவரைப் போட்டிருந்தால் இது சரியாகியிருக்கும். அப்போதும் 22 வராது, ஏனென்றால் ஒப்புதல் கொடுப்பவர்களே மாதத்துக்கு ஏறக்குறைய பத்துப் பேர்தான். பத்து வீதம் 132 பேருக்கு 13 மாதம் ஆகும், அதற்குப் பிறகு கடைசி ஆளுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அறிக்கையில் எழுதியிருக்க வேண்டிய கணக்கு இதுதான். கூடவே இரண்டு வழிகளையும் சொல்லியிருக்கலாம். ஒன்று, ஏழு மாதக் கால நீட்டிப்பு. இன்னொன்று, ஏறக்குறைய ஒரு மாதம் மட்டும் நீட்டித்து 120 பேரோடு நிறுத்துவது. அப்போது ஆய்வு கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு ஏறக்குறைய 22 விழுக்காடு பெரிதாகிவிடும். அந்த இழப்பைத் தாங்க முடியுமா என்று நிதி வழங்குநர் முடிவு செய்ய அந்த எண் வேண்டும்.

நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த அறிக்கையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 51 பேர்தான் என்று தெரிந்ததும் நிதி வழங்குநர் அடுத்த தவணையை நிறுத்திவிட்டு, திருத்திய திட்டம் கேட்டார். அது முடிவதற்குள் கள ஊழியரின் ஒப்பந்தம் முடிந்துபோனது. வீட்டுக்கு வீடு அவரைத் தெரியும், அவரிடம்தான் பாட்டிமார் மனம்விட்டுப் பேசுவார்கள். புது ஆளிடம் பலர் கதவைத் திறக்கவே தயங்கினார்கள்.

புரட்டாசியை “எதிர்பாராத தடை” என்பது

புரட்டாசியில் இங்கே நிறைய வீடுகளில் சைவம்தான், அடுத்து தீபாவளிப் பலகாரம் வந்துவிடும். அந்த வாரங்களில் கேட்டால் வழக்கமான சாப்பாடு தெரியாது என்று நிறுத்திவைப்பது சரிதான். ஆனால் அது ஆண்டுதோறும் வருவது. “திட்டமிடும்போது கணக்கில் சேர்க்கவில்லை” என்று நேராகவே எழுதுங்கள்.

ஐஆர்பி ஒப்புதலுக்கு முன் மாற்றத்தை அறிவிப்பது

இரண்டாவது நாளைத் தொலைபேசியில் கேட்கப் போகிறோம் என்றால் அது ஆய்வுமுறை மாற்றம். ஆய்வு நெறிமுறைக் குழுவான ஐஆர்பியிடம் விண்ணப்பம் போட்டாயிற்றா, எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

சமூக மன்றத்தில் எடுத்த படங்கள்

ஒன்று போதும்.

செலவாகாத பணம்

தாமதமானால் பணம் மிஞ்சத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஊழியருக்கு அதிலிருந்தே எடுக்கலாமா என்று இதே அறிக்கையில் கேளுங்கள்.

தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “கையெழுத்துப் போட்டவங்க எத்தனை பேர், முடிச்சவங்க எத்தனை பேர்?” என்று கேட்டேன். “71, 50” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அக்கா, எங்க ஊழியரும் திங்கள் டு வெள்ளிதான்” என்றார். அறிக்கையை அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, மூன்றாவது பக்கத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்.