கொடியில் நீண்டுபோன ஸ்வெட்டர்

மூணாறில் மாமியார் துவைத்துக் கொடியில் தொங்கவிட்ட கம்பளி ஸ்வெட்டர் காய்ந்தபோது, அதன் கைகள் என் விரல்நுனியைத் தாண்டி நீண்டிருந்தன. தூக்கிப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

நெய்த சட்டையில் நீளவாட்டு நூல்கள் எடையைத் தாங்கும். பின்னலாடையோ ஒன்றுக்குள் ஒன்று கோத்த நூல் வளையங்கள்தான். நனைந்த கம்பளி நிறைய நீரைச் சுமக்கும், இழையும் இளகியிருக்கும். தொங்கவிட்டால் அந்தக் கனம் வளையங்களை நீளவாக்கில் இழுத்து, அகலத்தைக் குறைத்துவிடும். காய்ந்ததும் அந்த வடிவமே நிலைத்துவிடும். மறுபடி நனைத்தால் அந்தப் பிடி தளர்கிறது என்பதுதான் நமக்கு ஆறுதல்.

குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அடியில் கைகொடுத்துத் தூக்கினேன். முறுக்கிப் பிழியாமல் பருத்தித் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினேன். கயிற்றுக் கட்டிலில் உலர்ந்த துண்டை விரித்து, அளவான வேறொரு ஸ்வெட்டரைப் பக்கத்தில் வைத்து, கைகளை உள்நோக்கித் தள்ளி ஒழுங்குபடுத்தினேன். மேல்பக்கம் உலர்ந்ததும் திருப்பிப் போட்டேன். கைகள் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்தன; கழுத்துப் பட்டி மட்டும் சற்றுத் தளர்வாகவே நின்றுவிட்டது.

கட்டிலைத் திண்ணை நிழலில்தான் போட்டேன். வெயில் வெள்ளைப் பருத்தியை வெளுக்கும், ஆனால் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். சாயத்துணிக்கும் நிழலே நல்லது. வெயில்தான் கிடைக்கும் என்றால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போடலாம். எலாஸ்டிக் வெயிலில் இற்றுப்போகும். பாவாடையோ கால்சட்டையோ, இடுப்புப் பட்டியில் கனம் இழுக்காதபடி கொடியில் பாதியாக மடித்துப் போடுகிறேன்.